தை அளவும் வைகாசி அளவும்

நான் படித்தது அஞ்சாம் வகுப்பு வரைக்கும்தான். தமிழ் வாசிப்பேன், மெதுவாக, விரலை எழுத்தின் கீழே வைத்துக்கொண்டு. நாலு பேர் முன்னால் வாயைத் திறக்கச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட நான் ஒரு அறிக்கை எழுதிய இடத்தில் இருந்தேன் என்று சொன்னால் என் மருமகளே சிரிப்பாள். ஆனால் இருந்தேன்.

கடல் ஊருக்குள் வந்துபோன பிறகு வந்த வருசம் அது. எங்கள் குப்பம் கடலூருக்குப் பக்கத்தில். வீடு போய், தார் ஷீட் போட்ட கொட்டகையில் இருந்தோம். மீன் கூடை தூக்குவதை விட்டுவிட்டு, கடலூரில் ஒரு தொண்டு நிறுவனத்தின் ஆபீசில் கூட்டிப் பெருக்கி மதியச் சாப்பாடு செய்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். மாடியில் ரெண்டு அறை, ஒரு கம்ப்யூட்டர். அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவர் சிதம்பரத்துக்காரர், நாற்பத்தைந்து வயசு இருக்கும். தினமும் பஸ்ஸில் வந்து போவார். நான் அவரை சார் என்பேன், அவர் என்னை அக்கா என்பார். எனக்குப் பத்து வயசு குறைத்துவிட்டார் என்று ஒரு சந்தோசம்.

அந்த வருசம் எங்கள் குப்பத்தில் ரெண்டு தடவை சுவரில் படம் காட்டினார்கள். சினிமா இல்லை. கம்ப்யூட்டரிலிருந்து வெளிச்சம் போட்டு, ஒவ்வொரு பக்கமாகத் தள்ளித் தள்ளிக் காட்டுவார்களே, ஸ்லைடு, அது. முதலில் காட்டியவர்கள் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியிலிருந்து வந்தவர்கள். ஒரு புரொபசரம்மாவும் அவர் மாணவர்களும். ஊரை ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாற்றிக் கட்டவேண்டும் என்பது அவர்கள் முடிவு. ரெண்டாவது காட்டியது மீனவர் சங்கம். இருக்கிற இடத்திலேயே தரையை உயர்த்தி, கடலோரம் சவுக்கு மரம் வைத்து, திரும்பக் கட்டவேண்டும் என்பது அவர்கள் முடிவு.

அதோடு ஊர் ரெண்டாகிப் போனது. என் வீடும் ரெண்டானது. என் மகன் கரையை விட மாட்டேன் என்றான். மருமகள் கரையில் இனி ஒரு ராத்திரி தூங்க மாட்டேன் என்றாள். அவளுக்கு அப்போது நாலு மாசம். சாயங்காலம் சோறு போடும்போது ரெண்டு பேரும் என்னைப் பார்ப்பார்கள், நான் குழம்புச் சட்டியைப் பார்ப்பேன்.

வீடு கட்டித்தர வந்திருந்தவர்கள் ஆடி பிறப்பதற்குள் ஊர் ஒரு முடிவு சொல்லவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இல்லாவிட்டால் அடுத்த குப்பத்துக்குப் போய்விடுவார்கள். அதாவது, எங்கும் வீடு கிடையாது. அடுத்த மழைக்கும் தார் ஷீட்டுதான், பிள்ளை பெறுவதும் அதன் கீழேதான். எனக்குப் பயம் அதுதான்.

ஊர்க்கூட்டம் ரெண்டு தடவை கூடி ரெண்டு தடவையும் சண்டையில் கலைந்தது. "அவன் காட்டுனது பொய்", "இவன் காட்டுனது பொய்" என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை. கடைசியில் ஊர்த் தலைவர் எங்கள் ஆபீசுக்கு வந்தார். "சார், ரெண்டு படத்தையும் சுருக்கி ஒரே தாளா குடுங்க. ரெண்டு கட்சியும் அதுல இருக்கணும். உங்க கட்சி அதுல இருக்கக் கூடாது" என்றார். சார் சரி என்று தலையாட்டினார்.

மறுநாள் மதியம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது சார் கூப்பிட்டார். "அக்கா, கையத் தொடச்சுட்டு வாங்க. இதக் கொஞ்சம் சத்தமாப் படிங்க."

"நானா? எனக்கு இன்னா தெரியும் சார்?"

"தெரியாததாலதான். நீங்க தடுக்கி நிக்கிற எடத்துலதான் ஊரும் தடுக்கி நிக்கும். நான் படிச்சா எல்லாம் வழவழன்னுதான் போவும்."

கதவைச் சாத்திவிட்டுப் படித்தேன். நாலு தாள். கல்லூரிக்காரர் சொன்னதற்கு ரெண்டரைத் தாள், சங்கத்துக்காரர் சொன்னதற்கு ஒன்று, மிச்சத்தில் 'எனவே' என்று ஆரம்பித்து ஒரு பத்தி. அந்த எனவேயைப் படித்ததும் நான் நின்றுவிட்டேன்.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"இது யார் சொல்றது சார்?"

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். நெற்றியைத் தேய்த்தார். "நான் சொல்றது" என்றார். தலைவர் கூடாது என்று சொன்னதே அங்கே உட்கார்ந்திருந்தது. அதை அங்கேயே அடித்தார்.

இன்னொரு இடத்திலும் நின்றேன். கடலுக்கும் முன்வரிசை வீட்டுக்கும் எவ்வளவு தூரம் என்ற இடம். கல்லூரிக்காரர் ஒரு கணக்குச் சொல்லியிருந்தார், சங்கத்துக்காரர் அதைவிட ஐம்பது அறுபது தப்படி ஜாஸ்தி சொல்லியிருந்தார். சண்டையே அதில்தான். சார் ரெண்டையும் கூட்டி, பாதியாக்கி, நடுவில் ஒரு தூரத்தைப் போட்டிருந்தார்.

"ரெண்டு பேருக்கும் பொதுவா இருக்கட்டும்னு" என்றார்.

"நடுவுல யாரும் அளக்கலையே சார்" என்றேன். சொன்ன பிறகுதான் வாயை மூடிக்கொண்டேன்.

அவர் கோபப்படவில்லை. ரெண்டு ஸ்லைடையும் கம்ப்யூட்டரில் பக்கத்தில் பக்கத்தில் திறந்தார். "யாரோ ஒருத்தர் தப்பா அளந்திருக்காங்க. யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

ரெண்டிலும் அளந்த இடத்தின் போட்டோ இருந்தது. ரெண்டிலும் எங்கள் வலைக்கூடம், வலை பின்னுகிற சிமெண்டுக் கொட்டகை, தூணோடு தெரிந்தது. ஒன்றில் நுரை அதன் படிக்கட்டுப் பக்கமே வந்திருந்தது, மீன்பிடி போட்டுகளைக் கூடத்துக்குப் பின்னால் ஏற்றி வைத்திருந்தார்கள். இன்னொன்றில் கூடத்துக்கு முன்னால் அகல மணல், அதில் கருவாடு காயப்போட்டிருந்தது, போட்டுகள் அதற்கும் கீழே.

கருவாட்டைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. "சார், ரெண்டும் ஒரே எடந்தான். இது தை. இது வைகாசி."

"அப்டின்னா?"

"வாடக்காத்துல கடலு மணல அரிச்சிட்டுப் போயிடும். வெயில் காலத்துல திரும்பக் கொண்டாந்து போடும். வருசா வருசம் நடக்குறதுதான். ரெண்டு பேரும் அன்னிக்குத் தண்ணி நின்ன எடத்துலேருந்து அளந்திருக்காங்க."

சார் என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். "அப்ப யாரும் பொய் சொல்லல?"

"கடலுதான் எடம் மாறிச்சு."

அவர் ரெண்டு பக்கத்துக்கும் போன் செய்தார். நான் சொன்னது சரியாக இருந்தது. அரசாங்க விதியோ, கடல் தண்ணீர் அதிகபட்சம் ஏறித் தொடும் கோட்டிலிருந்து தூரத்தைப் பார்க்கிறது. அந்தக் கோட்டிலிருந்து ரெண்டு பேருமே அளக்கவில்லை. சார் நடுத் தூரத்தை அடித்துவிட்டு இப்படி எழுதினார்: கல்லூரி தை மாசம் அளந்தது இவ்வளவு, சங்கம் வைகாசி மாசம் அளந்தது இவ்வளவு, ரெண்டும் அன்றைய அலை விளிம்பிலிருந்து, விதி சொல்லும் கோட்டிலிருந்து இன்னும் அளக்கவில்லை, அளக்கவேண்டும். பிறகு எல்லாவற்றையும் கலைத்துவிட்டுத் திரும்ப ஆரம்பித்தார். ரெண்டு பேரும் ஒத்துக்கொள்வது முதலில். அதற்குப் பிறகு மாறுபடுவது. ஒவ்வொரு மாறுபாட்டுக்கும் இவர் என்ன சொல்கிறார், ஏன். அவர் என்ன சொல்கிறார், ஏன். ரெண்டு பேருக்கும் சரிசமமான இடம், எது எந்த ஸ்லைடிலிருந்து என்று நம்பர். யாரை முதலில் போடுவது என்று மட்டும் ரொம்ப நேரம் யோசித்தார். முதலில் படம் காட்டியவர் முதலில், வேறு காரணம் இல்லை என்று தாளிலேயே எழுதினார்.

எனக்கு ஆச்சரியம், ஒத்துக்கொள்வதற்கே முக்கால் தாள் வந்தது. ரெண்டு பக்கமும் உயரத் தரை வேண்டும் என்கிறார்கள். ரெண்டு பக்கமும் வலைக்கூடம் கரையில்தான் இருக்கவேண்டும் என்கிறார்கள். கல்லூரி ஸ்லைடில் அது கடைசியில் சின்ன எழுத்தில் இருந்ததால் ஊரில் யாரும் பார்க்கவில்லை.

நாலாம் நாள், புதுத் தாள் முடிந்தபோது, நான் ஒரு காரியம் செய்தேன். செய்தேன் என்பதைவிட, செய்யாமல் விட்டேன்.

புதுத் தாளை நான் வாசித்தபோது ஒரு விசயம் அதில் இல்லை. சங்கத்துக்காரர் படத்தில் ஒரு ஸ்லைடில் எழுத்தே கிடையாது. ஒரு போட்டோ மட்டும். விடிகிற நேரம், போட்டு கரைக்கு வந்திருக்கிறது, பெண்கள் கூடையோடு சுற்றி நிற்கிறார்கள், ஏலம் நடக்கிறது. அன்றைக்கு அதைக் காட்டிவிட்டு சங்கத் தலைவர் வாயால் சொன்னார்: ரோட்டுக்கு அந்தப் பக்கம் போனால் நம்ம பொம்பளைங்க கரைக்கு வந்து சேர்வதற்குள் வண்டியோடு நிற்கிற யாவாரி ஏலம் எடுத்துக்கொண்டு போய்விடுவான், கூடைக்காரிக்கு நொறுங்கின பொடி மீன்தான் மிஞ்சும் என்று. சார் அன்றைக்குக் கூட்டத்தில் இல்லை. எழுத்து இல்லாத ஸ்லைடைப் பார்த்து, அழகுக்குப் போட்ட போட்டோ என்று நினைத்து விட்டுவிட்டார்.

எனக்குத் தெரியும். முப்பது வருசம் அந்த ஏலத்தில் நின்றவள் நான். ஆனால் சொல்லவில்லை. ஏனென்றால் ஊர் கரையை விட்டுப் போகவேண்டும் என்று நான் நினைத்தேன். மருமகளுக்கு மட்டுமில்லை, எனக்கும் பயம். அலைச் சத்தம் கேட்டால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். மகனிடம் சொன்னதில்லை, யாரிடமும் சொன்னதில்லை. கரையிலேயே இருக்கவேண்டும் என்கிற பக்கத்துக்கு இருந்த நல்ல காரணம் ஒன்று தாளில் இல்லாமல் போனால் போகட்டுமே என்று இருந்துவிட்டேன். நான் எதையும் அழிக்கவில்லையே, அவர்தானே விட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் சிதம்பரம் போனோம். தாளில் அவரவர் பக்கத்தை அவரவரிடம் காட்டி, 'ஆமாம், நான் சொன்னது இதுதான்' என்று வாங்கவேண்டும் என்று சார் முடிவு செய்திருந்தார். ஊர் சார்பில் ஒரு ஆள் கூட வரவேண்டும் என்றார் ஊர்த் தலைவர். ஆம்பளைகள் எல்லாம் ஏதோ ஒரு கட்சி. "அந்தம்மாவ அனுப்பு, அது எந்தக் கட்சியும் கெடையாது" என்று என்னைச் சொல்லிவிட்டார்கள். எனக்குச் சுருக்கென்றது.

புரொபசரம்மா ரொம்ப எளிமையாக இருந்தார். என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார், நான் விளிம்பில் உட்கார்ந்தேன். தாளைப் படித்தார். நடுவில் நிறுத்தினார்.

"நான் 'கட்டாயம் மாறணும்'னு சொல்லலையே சார். தரையை உயர்த்தவும் தடுப்பு மரம் வளர்க்கவும் முடியாட்டி மாறணும். முடியும்னா முன்வரிசை மட்டும் மாறுனாப் போதும். ஒன்பதாவது ஸ்லைடு பாருங்க."

சார் ஒன்பதாவதைப் பார்த்தார். இருந்தது. "சுருக்கும்போது 'முடியாட்டி' விழுந்து போச்சு மேடம்" என்றார், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி.

"அது விழுந்தா நான் வேற ஆளாயிடுறேன்" என்று அவர் சிரித்தார். பிறகு தூர விசயத்தைப் படித்துவிட்டு, "தை மாசம்னு போட்டது நல்லது. நாங்களே போட்டிருக்கணும்" என்றார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பஸ் ஸ்டாண்டில் கூட்டம். ஜன்னல் ஓரம் எனக்கு இடம் பிடித்துக் கொடுத்தார் சார். பஸ் கிளம்பியது. அந்த அம்மா தன் பக்கத்துக்கு நல்லதாக இருந்ததைத் தானே தளர்த்திக்கொண்டாரே என்பது எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. கட்டாயம் மாறணும் என்று இருந்தால் அவர் கட்சிக்குத்தான் பலம். அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நானோ வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பரங்கிப்பேட்டை ரோடு பிரிகிற இடம் தாண்டினதும் சொன்னேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், முகம் பார்க்க முடியவில்லை. "சார், சங்கத்து படத்துல எழுத்தில்லாத போட்டோ ஒண்ணு இருக்கே. அது ஏலம்."

"எந்த ஏலம்?"

எல்லாம் சொன்னேன். அவர் பையைத் திறந்து தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "இவ்வளவு பெரிய விசயம். ஏங்க்கா நேத்தே சொல்லல?"

"எனக்கு அந்தப் பக்கம் புடிக்கல சார்."

அவர் பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார். "ஊரே உங்கள எந்தக் கட்சியும் இல்லன்னு அனுப்பிச்சுது!"

"நீங்க ஒரு எனவே போட்டீங்களே" என்றேன்.

"போட்டேன், போட்டேன்" என்றார். பேனாவை எடுத்து, குலுங்குகிற பஸ்ஸிலேயே ஓரத்தில் எழுதிக்கொண்டார்.

சங்கத் தலைவரைத் துறைமுகத்துப் பக்கம் பார்த்தோம். எங்கள் ஊர்க்காரர்தான், சத்தக்காரர். நின்றுகொண்டே படித்தார். "இன்னா சார் இது? அவுங்க 'கண்டறிந்துள்ளனர்', நாங்க 'கருதுகின்றனரா'? அவுங்க கண்டுபுடிப்பாங்க, நாங்க கனவு காணுவமா?"

சார் முகம் சிவந்துபோனது. "தெரியாமப் பண்ணிட்டேன். ரெண்டு பேருக்கும் 'சொல்கின்றனர்'னு போட்டுடுறேன்."

"அப்படிப் போடு. நானும் அளந்துதான் சொன்னேன்." ஏலத்தைப் பற்றி ஓரத்தில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "இத ஸ்லைடுல எழுதலையே நான். வாயாலதான சொன்னேன். யார் சொன்னது உங்களுக்கு?"

சார் என்னைக் காட்டவில்லை. "கேட்டவங்க சொன்னாங்க" என்றார். எழுத்தில் இல்லாதது, கூட்டத்தில் வாயால் சொன்னது என்று தாளிலும் அப்படியே போட்டார்.

கூட்டம் ஆனி கடைசியில், கோயிலுக்கு முன்னால். ஆம்பளைகள் உட்கார, நாங்கள் பின்னால் நின்றோம். ஊர்த் தலைவர் சாரைப் படிக்கச் சொன்னார். ரெண்டு பக்கமும் எகிறத் தயாராக இருந்தார்கள். முன்வரிசையில் ஒருத்தர் துண்டை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

ஒத்துக்கொள்கிற விசயங்களை முதலில் படித்தார். வலைக்கூடம் கரையில்தான் என்று கல்லூரியும் சொல்கிறது என்று வந்ததும் ஒரு சலசலப்பு. "அவுங்களும் அதத்தான் சொன்னாங்களா?" "பின்ன இன்னாத்துக்குடா அன்னிக்கு அவுங்க படம் காட்டும்போது வயரப் புடுங்குன?" என்று யாரோ கேட்க, சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு நல்ல சகுனமாகப் பட்டது.

தூரம் வந்தது. தை அளவு, வைகாசி அளவு என்று சார் படித்ததும் ஒரு பெரியவர் தொடையைத் தட்டினார். "அட சே! இது நமக்குத் தெரியாததா? ஒரு மாசமா இதுக்காடா அடிச்சிக்கிட்டோம்!" தினமும் அந்த மணலில் நடக்கிறவர்கள்தான் எல்லாரும். படத்தில் நம்பராக வந்ததும் மணலை மறந்துவிட்டோம்.

சங்கத்துப் பக்கம் படித்து முடித்ததும் தலைவர் கேட்டார், "நீ சொன்னது இதுதானப்பா?" சங்கத்துக்காரர் குறை கண்டுபிடிக்கிற முகத்தோடு கொஞ்ச நேரம் யோசித்தார். "சரியாத்தான் போட்டிருக்காரு" என்றார். அதில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது. கல்லூரிப் பக்கம் நின்றவர்களைக் கேட்டார். அவர்களும் சரி என்றார்கள்.

அதற்கப்புறம் சண்டை இல்லாமல் போகவில்லை. ஆனால் யார் பொய் சொன்னது என்ற சண்டை இல்லை. ஏலத்துக்கு எப்படி வருவது, பழைய மனையை விட்டுக்கொடுத்தால் கரை யார் கைக்குப் போகும், இதையெல்லாம் பேசினார்கள். நிஜமான பேச்சு. ஏலத்தைப் பற்றிப் பேசும்போது ஆம்பளைகளே திரும்பி எங்களைப் பார்த்து, "நீங்க இன்னா சொல்றீங்க?" என்று கேட்டார்கள். எங்கள் ஊர்க்கூட்டத்தில் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. கூடைக்காரிகள் வந்து சேராமல் ஏலம் கூறக் கூடாது என்று ஒருத்தி சொன்னாள். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

முடிவு இருட்டுவதற்கு முன்னால் வந்துவிட்டது. விதிக் கோட்டிலிருந்து அளந்து, அதற்குள் வருகிற முன்வரிசை ரோட்டுக்கு அந்தப் பக்கம் போவது. பின்வரிசை அங்கேயே தரை உயர்த்திக் கட்டுவது. வலைக்கூடமும் ஏல மணலும் ஊர்ப் பொதுவாக இருக்கவேண்டும் என்று மனு கொடுப்பது. வீடு கட்டுகிறவர்களின் ஆள் அங்கேயே இருந்தார். சரி என்று நோட்டில் கையெழுத்துப் போட்டார்.

எங்கள் வீடு முன்வரிசை. கொட்டகைக்கு வந்ததும் மகன் மருமகளிடம், "வலைக்கூடம் இருக்கில்ல, போலாம். சாமான ஒரேயடியா கட்டாத, இன்னும் ஒரு வருசம் ஆவும்" என்றான். அவள் சிரித்ததை அத்தனை மாசத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன். பிள்ளை என்னவோ தார் ஷீட்டின் கீழேதான் பிறந்தது. ஆனால் எங்கே வீடு வரும் என்று தெரிந்து பிறந்தது.

மறுநாள் காலை பைப்படியில் குடத்தோடு நின்றேன். எனக்கு முன்னால் பின்வரிசைக்காரி ஒருத்தி, என்னோடு பல வருசம் கூடை தூக்கியவள். அவள் பெரிய சங்கத்துக் கட்சி.

"நீ கடைசி வரைக்கும் எந்தக் கட்சின்னே சொல்லலியேடி" என்றாள்.

"போற கட்சி. மொதல்லேருந்தே" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன், வரிசை முழுக்கக் கேட்டது.

"அடி கள்ளி!" என்றாள். "போ, போ. விடியக்காலையில அம்மாந்தூரத்துலேருந்து கூடையத் தூக்கிகினு நடந்து வா, அப்பத் தெரியும்." சொல்லிவிட்டு என் குடத்தை வாங்கி முதலில் பைப்பின் கீழே வைத்தாள்.